மேலும் கீழும் இருக்கும் x² ஐ ஏன் வெட்டக்கூடாது?

கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ சாதாரண தரத்துக்குப் படிக்கும் ஒரு பிள்ளையின் கணிதக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். அட்சரகணிதப் பின்னங்கள் வரும் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே பிழைதான் இருக்கும். தொகுதியில் உள்ள x² இன் மேல் ஒரு சாய்கோடு, பகுதியில் உள்ள x² இன் மேல் இன்னொரு சாய்கோடு, பக்கத்தில் ஆசிரியர் போட்ட சிவப்புக் குறி. கணக்கு இப்படி இருக்கும்:

(x² + 5x + 6)/(x² − 9) என்பதைச் சுருக்குக.

பிள்ளை எழுதிய விடை:

(5x + 6)/(−9)

கேட்டால் காரணமும் தயாராக இருக்கும். "சேர், 6/8 இல் மேலேயும் கீழேயும் இருக்கும் 2 ஐ வெட்டலாம் என்றால், இங்கே மேலேயும் கீழேயும் இருக்கும் x² ஐ ஏன் வெட்டக்கூடாது?"

இது நியாயமான கேள்வி. "அது உறுப்பு தம்பி, காரணி இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவது பதில் ஆகாது. உறுப்பை வெட்டினால் என்ன கெட்டுப்போகிறது என்பதைக் கண்ணால் பார்க்காத பிள்ளை, பரீட்சை மண்டபத்தில் மறுபடியும் அதே சாய்கோட்டைத்தான் போடும். ஆகவே இந்த ஒரு கணக்கையே எடுத்துக்கொண்டு, படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், விடை பிழை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு கோவையைச் சுருக்குவது என்றால் அதன் பெறுமானத்தை மாற்றாமல் எளிய வடிவத்தில் எழுதுவது. x இற்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே விடையைத் தரவேண்டும். எனவே ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தாலே போதும். x = 4 என்று வைப்போம்.

தொகுதி: 16 + 20 + 6 = 42
பகுதி: 16 − 9 = 7
பின்னம்: 42/7 = 6

பிள்ளையின் விடையில் x = 4 ஐப் போட்டால் (20 + 6)/(−9), அதாவது −26/9. ஆறு வரவேண்டிய இடத்தில் மறை எண் ஒன்று வந்திருக்கிறது. இதற்கு மேல் வாதம் தேவையில்லை, வெட்டியது பிழை.

போட்டுப் பார்க்கும் எண்ணைத் தெரிவுசெய்வதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கணக்கு இலகுவாக இருக்கும் என்று எல்லோரும் x = 0 ஐத்தான் எடுப்பார்கள். அதுவே ஏமாற்றும் எண். (x + 3)/(x + 5) என்ற பின்னத்தில் x ஐ வெட்டி 3/5 என்று ஒருவர் எழுதிவிட்டார் என்று வையுங்கள். x = 0 எனப் போட்டால் உண்மையான பின்னமும் 3/5, பிழையான விடையும் 3/5. பிழை அப்படியே மறைந்துவிடும். x = 2 எனப் போட்டால் 5/7 வரும்; 3/5 அல்ல. 1 உம் சில இடங்களில் இதே வேலையைச் செய்யும், ஏனென்றால் 1 ஆல் பெருக்கினாலும் வகுத்தாலும் எதுவும் மாறுவதில்லை; x உம் x² உம் அங்கே ஒன்றாகிவிடும். ஆகவே 2, 4, 5 போன்ற எண்களை எடுங்கள். பகுதியைப் பூச்சியமாக்கும் எண்ணையும் தவிர்க்க வேண்டும். நம் கணக்கில் 3 ஐப் போட்டால் பகுதி 9 − 9 ஆகிவிடும்.

ஓர் எண்ணில் விடைகள் வேறுபட்டால் பிழை உறுதி. ஓர் எண்ணில் ஒத்துப்போனால் மட்டும் சரி என்று முடிவு கட்ட முடியாது.

இனி, 2 ஐ வெட்டியபோது உண்மையில் என்ன செய்தோம்?

6/8 இல் எண்ணின் மேல் கோடு போட்டதாக நாம் நினைக்கிறோம். நடந்தது வேறு:

6/8 = (3 × 2)/(4 × 2) = 3/4 × 2/2 = 3/4 × 1 = 3/4

இரண்டு என்பது மேலே 3 உடன் பெருக்கலில் இருந்தது, கீழே 4 உடன் பெருக்கலில் இருந்தது. அதனால் 2/2 ஐத் தனிப் பின்னமாகப் பிரித்தெடுக்க முடிந்தது. 2/2 என்பது 1. ஒன்றால் பெருக்கினால் பெறுமானம் மாறாது. ஆகவே அதை எழுதாமல் விட்டோம். வெட்டுதலுக்குப் பின்னால் இருக்கும் உரிமை இது ஒன்றுதான்.

இப்போது அதே 3, 4, 2 என்ற எண்களை வைத்துப் பெருக்கலுக்குப் பதிலாகக் கூட்டலைப் போடுங்கள்:

(3 + 2)/(4 + 2) = 5/6

இதில் 2 ஐ வெட்டினால் 3/4 வரும். 5/6 உம் 3/4 உம் சமன் அல்ல. இங்கே 2/2 ஐத் தனியே பிரித்தெடுக்க வழியே இல்லை. பின்னத்தின் மேலும் கீழும் ஒரே எண்ணைக் கூட்டுவதும் கழிப்பதும் பின்னத்தை மாற்றிவிடும். 1/2 ஐ எடுத்து மேலும் கீழும் 1 ஐக் கூட்டினால் 2/3; 10 ஐக் கூட்டினால் 11/12; 100 ஐக் கூட்டினால் 101/102. கூட்டக் கூட்டப் பின்னம் 1 ஐ நெருங்கிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் மேலும் கீழும் ஒரே எண்ணைக் கழித்தாலும் பின்னம் நின்ற இடத்தில் நிற்காது. x² ஐ மேலும் கீழும் வெட்டியவர் செய்தது இதைத்தான்: இரு பக்கத்திலும் x² ஐக் கழித்துவிட்டு, வகுத்ததாக நினைத்துக்கொண்டார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. சமன்பாடுகளில் இது சரி. x² + 5x = x² + 20 என்றால் இரு பக்கமும் x² ஐக் கழித்து 5x = 20 என்று எழுதலாம்; சமக்குறி அதற்கு இடம் கொடுக்கிறது. பின்னக்கோடு சமக்குறி அல்ல, வகுத்தல் குறி. சமன்பாட்டை மாதக்கணக்கில் செய்து பழகிய கை, பின்னக்கோட்டைப் பார்த்ததும் மேல் கீழ் என்பதை இடப்பக்கம் வலப்பக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. என் அனுபவத்தில், கவனயீனத்தைவிட இந்தக் குழப்பமே பெரிய காரணம். கெட்டிக்காரப் பிள்ளைகளும் இதில் விழுவது அதனால்தான்.

எழுத்துக்களில் இதை நம்பாத பிள்ளைக்கு நெல் மூடைக் கணக்குச் சொல்லலாம். படுவான்கரையில் மூன்று சகோதரர்களுக்கு மூன்று துண்டு வயல். ஒவ்வொரு துண்டிலும் x மூடை விளைந்தது. வீட்டில் போன போகத்து மிச்சம் 6 மூடை இருக்கிறது. எல்லாவற்றையும் மூவரும் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு (3x + 6)/3. வயல் விளைச்சலில் ஆளுக்கு x மூடை, மிச்சத்தில் ஆளுக்கு 2 மூடை. ஆக x + 2. ஆனால் 3x இல் உள்ள 3 ஐ மட்டும் கீழே உள்ள 3 உடன் வெட்டினால் விடை x + 6. அதாவது மூவரும் ஆளுக்கு 6 மூடை மிச்சத்தைக் கொண்டுபோகிறார்கள். இருந்தது 6, போனது 18. மேலதிகமான அந்த 12 மூடையும் எந்த வட்டையில் விளைந்தது என்று கேளுங்கள்.

வகுத்தல் என்றால் தொகுதியில் உள்ள எல்லா உறுப்புக்கும் அது போகவேண்டும். ஒன்றுக்குக் கொடுத்து மற்றதை விட்டுவிட முடியாது. 3x + 6 = 3(x + 2) என்று பொதுக் காரணியை வெளியே எடுத்த பிறகு 3 ஐ வெட்டினால், அது தானாகவே இரண்டு உறுப்புக்கும் போய்விடுகிறது.

இதே நியாயத்தில் நம் கணக்கிலும் ஒருவர் "சரி, x² ஆல் வகுத்தே தீருவேன்" என்று பிடிவாதம் பிடிக்கலாம். தடையில்லை, x பூச்சியம் அல்லாதவரை. ஆனால் எல்லா உறுப்பையும் வகுக்க வேண்டும்:

(1 + 5/x + 6/x²)/(1 − 9/x²)

பிழை எதுவும் இல்லை. ஆனால் முன்பிருந்ததைவிடச் சிக்கலாகிவிட்டது. x² இங்கே காரணியாக இல்லை என்பதன் அடையாளம் அதுதான்.

காரணியா, உறுப்பா? கடைசிச் செய்கையைப் பாருங்கள்

மேலே இருப்பது பெருக்கமா கூட்டலா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது புதிதாகப் படிப்பவருக்குக் கடினம். அடைப்புகள் வந்தால் இன்னும் குழப்பம். அதற்கு ஒரு சோதனை உண்டு. x இற்கு ஓர் எண்ணைக் கொடுத்துக் கோவையைக் கணியுங்கள். கடைசியாகச் செய்த செய்கை எது? அது பெருக்கல் என்றால், பெருக்கப்பட்டவை காரணிகள். கூட்டல் அல்லது கழித்தல் என்றால், அவை உறுப்புகள்.

x² + 5x + 6 இல் x = 4 என்றால் 16, 20, 6 என்று மூன்றையும் கண்டுபிடித்து, கடைசியில் கூட்டுகிறோம். ஆகவே x² ஓர் உறுப்பு. (x + 2)(x + 3) இல் 6 ஐயும் 7 ஐயும் கண்டுபிடித்து, கடைசியில் பெருக்குகிறோம். ஆகவே (x + 3) ஒரு காரணி. இரண்டு கோவையும் 42 ஐத்தான் தருகின்றன. எழுதியிருக்கும் வடிவம்தான் வேறு.

இந்தச் சோதனை அதிகம் கைகொடுப்பது பின்வருவது போன்ற இடத்தில்:

[(x + 3)(x − 1) + 2]/(x + 3)

மேலே (x + 3) அடைப்புக்குள் அழகாக நிற்கிறது, பெருக்கலிலும் இருக்கிறது. கீழேயும் அதே (x + 3). கை துடிக்கும். x = 5 ஐப் போட்டுக் கணியுங்கள்: 8 × 4 = 32, பிறகு 32 + 2 = 34. கடைசிச் செய்கை கூட்டல். (x + 3) என்பது முதல் உறுப்புக்கு மட்டும் காரணி, முழுத் தொகுதிக்கும் அல்ல. இதை வெட்டினால் x − 1 + 2, அதாவது x + 1 வரும்; x = 5 இல் அது 6. உண்மையில் 34/8 என்பது 17/4. காரணி என்றால் முழுத் தொகுதிக்கும் காரணி, முழுப் பகுதிக்கும் காரணி. அரைக் காரணிக்கு வெட்டும் உரிமை இல்லை.

இப்போது கணக்கைச் செய்வோம்

தொகுதி மூவுறுப்பு இருபடிக் கோவை. பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்கள் 2 உம் 3 உம். ஆகவே x² + 5x + 6 = (x + 2)(x + 3).

பகுதி இரு வர்க்கங்களின் வித்தியாசம். x² − 9 = x² − 3² = (x − 3)(x + 3).

பின்னத்தைத் திரும்ப எழுதினால்:

(x + 2)(x + 3) / [(x − 3)(x + 3)]

இந்த வரியை எழுதும் முன் பேனா சாய்கோடு போடக்கூடாது. மேலே கடைசிச் செய்கை பெருக்கல், கீழேயும் கடைசிச் செய்கை பெருக்கல், இரண்டிலும் (x + 3) இருக்கிறது. இப்போது வெட்டலாம்:

(x + 2)/(x − 3)

x = 4 எனப் போட்டால் 6/1 = 6. முதலில் கிடைத்த விடையே கிடைக்கிறது.

உள்ளே நடந்ததை எண்களிலும் பாருங்கள். x = 4 என்றால் x + 3 = 7. பழைய பின்னம் 42/7. அதில் 42 என்பது 6 × 7, 7 என்பது 1 × 7. நாம் வெட்டிய (x + 3) அந்த 7 தான். அது 42 ஐயும் மீதியின்றி வகுக்கும், 7 ஐயும் மீதியின்றி வகுக்கும். பிள்ளை வெட்டிய x² இன் பெறுமானம் 16. அது 42 ஐயும் மீதியின்றி வகுக்காது, 7 ஐயும் வகுக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. x = −3 என்றால் பழைய பின்னத்தின் பகுதி பூச்சியம்; அதற்குப் பெறுமானமே கிடையாது. சுருக்கிய வடிவத்தில் −3 ஐப் போட்டால் −1/−6, அதாவது 1/6 வருகிறது. வெட்டும்போது (x + 3)/(x + 3) ஐ 1 என்று எடுத்தோம். x + 3 பூச்சியமானால் அது 1 அல்ல, 0/0. ஆகவே முழுமையாக எழுதுவதென்றால் x இன் பெறுமானம் 3 உம் −3 உம் ஆகாது என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண தரக் கணக்குகளில் "சுருக்குக" என்று மட்டும் கேட்டிருந்தால் இதைப் பலர் எழுதுவதில்லை. உயர்தரத்துக்குப் போனால் எழுதாமல் தப்ப முடியாது.

வெட்டிய பிறகும் விழும் இடங்கள்

எல்லாம் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது 1, பூச்சியம் அல்ல. x/(x² + x) என்பதை x/[x(x + 1)] என்று எழுதி x ஐ வெட்டினால் மேலே ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். அங்கே 1 இருக்கிறது. விடை 1/(x + 1). வெட்டியது வகுத்தல் என்பதை மறந்து, கழித்தல் என்று எண்ணுபவர்தான் அங்கே 0 எழுதுவார்.

குறி மாறிய காரணிகளையும் கவனியுங்கள். (x + 3)/(3 + x) என்பது 1, கூட்டலில் வரிசை மாறினால் பாதகமில்லை. (x − 3)/(3 − x) அப்படி அல்ல. x = 5 என்றால் மேலே 2, கீழே −2; விடை −1. இதை வெட்டும் முன் 3 − x = −(x − 3) என்று ஒரு வரி எழுதிவிட்டால் மறைக் குறி தொலையாது.

பின்னங்களுக்கு இடையில் × இருந்தால் ஒன்றின் தொகுதியில் உள்ள காரணியை மற்றதன் பகுதியில் உள்ளதோடு வெட்டலாம். இடையில் + இருந்தால் கூடாது. அங்கே முதலில் பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்து ஒரே பின்னமாக்க வேண்டும்.

சில வேளை பிழையான வெட்டு சரியான விடையையும் தந்துவிடும். 16/64 இல் இரண்டு 6 ஐயும் வெட்டினால் 1/4. அது உண்மையிலேயே சரியான விடை. ஆனால் 16 என்பது 10 + 6, 64 என்பது 60 + 4. வெட்டிய 6 ஓர் இலக்கம், காரணி அல்ல. அதே வேலையை 13/34 இல் செய்தால் 1/4 வரும், அது பிழை. வகுப்பில் யாராவது ஒரு குறும்புக்காரர் 16/64 ஐக் காட்டி வாதாடுவார். 13/34 ஐக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எழுத்துக்களிலும் இதைத் துல்லியமாகச் சொல்லலாம். (a + b)/(a + c) இல் a ஐ வெட்டி b/c என்று எழுதுவது எப்போது சரியாகும்? குறுக்கே பெருக்கினால் c(a + b) = b(a + c), அதாவது ac = ab. இது நடக்கவேண்டுமானால் a பூச்சியமாக இருக்கவேண்டும், அல்லது b உம் c உம் சமனாக இருக்கவேண்டும். முதலாவதில் வெட்ட எதுவும் இல்லை. இரண்டாவதில் தொகுதியும் பகுதியும் ஒன்றேதான், பின்னம் 1. மற்ற எந்த இடத்திலும் அது சரியாகாது. x = 0 ஏன் ஏமாற்றும் எண் என்பதற்கும் விளக்கம் இதற்குள்ளேயே இருக்கிறது.

செய்து பார்க்க மூன்று

(x² − 4)/(x² − 2x)
(2x + 8)/(x² − 16)
(x² + 4)/(x + 2)

முதலாவதின் தொகுதி (x − 2)(x + 2), பகுதி x(x − 2). விடை (x + 2)/x. x = 5 எனப் போட்டால் 21/15, விடையிலும் 7/5. அங்கே நின்றுவிட வேண்டும். (x + 2)/x இல் மறுபடியும் x ஐ வெட்டி 2 என்று எழுதுபவர் பலர். சரியாக வந்த கணக்கைக் கடைசி வரியில் கெடுப்பது இதுதான்.

இரண்டாவது 2(x + 4) / [(x − 4)(x + 4)], விடை 2/(x − 4).

மூன்றாவதைப் பார்த்ததும் x + 2 என்று எழுதத் தோன்றும். x = 3 எனப் போடுங்கள்: 13/5. x + 2 என்றால் 5. x² + 4 என்பது வர்க்கங்களின் கூட்டல். அதற்கு (x + 2) காரணி அல்ல. வெட்ட எதுவும் இல்லை, கொடுத்த வடிவமே எளிய வடிவம். விடைத்தாளில் அதை அப்படியே எழுதி, மேலும் சுருக்க முடியாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.